சாய்த்து எடுத்த ஆதார் படத்திலிருந்து பெயர், பிறந்த தேதி, முகவரி: எழுத்துணரியா, மேகச் சேவையா, கியூஆர் கோடா?

விடுதிச் சேர்க்கை, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பதிவு, வாடகை ஒப்பந்தம் என்று எங்கு பார்த்தாலும் இதே வேலைதான். ஒருவர் கைபேசியில் ஆதார் அட்டையைப் படம் பிடித்து அனுப்புகிறார். அதிலிருந்து பெயரும் பிறந்த தேதியும் முகவரியும் தானாகப் படிவத்தில் ஏற வேண்டும். படம் பெரும்பாலும் சாய்வாகத்தான் வரும். அட்டை மேசையில் கிடக்க, எடுப்பவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைபேசியை நீட்டி எடுத்திருப்பார்.

இதைச் செய்ய நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. படத்தை நம் கணினியிலேயே நிமிர்த்தி டெசராக்ட் போன்ற இலவச எழுத்துணரியால் படிப்பது ஒன்று. படத்தைக் கூகுள் கிளவுட் விஷன் போன்ற சேவைக்கு அனுப்பி எழுத்தாக வாங்குவது இன்னொன்று. எழுத்தைப் படிக்காமல் அட்டையிலுள்ள கியூஆர் கோடைப் படிப்பது மூன்றாவது.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். சாய்வைத் தாங்கிய பிறகு படத்தில் எவ்வளவு விவரம் மிஞ்சியிருக்கிறது? பெயரும் முகவரியும் தமிழில் வேண்டுமா, ஆங்கிலத்தில் போதுமா? தவறாகப் படித்தால் அது தவறு என்று நமக்குத் தெரியவருமா, சத்தமில்லாமல் படிவத்தில் ஏறிவிடுமா? அட்டைப் படம் நம் கட்டுப்பாட்டை விட்டு வெளியே போகலாமா?

பணச் செலவை இதில் சேர்க்கவில்லை. மாதம் சில நூறு அட்டைகள் என்றால் எந்த வழியிலும் கட்டணம் பெரிய தொகையாகாது. நிரல் எழுதி, வரும் பிழைகளைத் திருத்திக்கொண்டே இருக்கும் ஆளின் நேரம்தான் உண்மையான செலவு.

## சாய்வு எவ்வளவைத் தின்கிறது

மூன்று வழிகளுக்கும் பொதுவான கணக்கு இது என்பதால் முதலில் பார்த்துவிடுவோம். பிவிசி ஆதார் அட்டை ஏடிஎம் கார்டின் அளவு: 85.6 மி.மீ. அகலம், 54 மி.மீ. உயரம். 4000 × 3000 பிக்சல் படம் எடுக்கும் சாதாரணக் கைபேசியை அட்டையின் நடுவிலிருந்து சுமார் 22 செ.மீ. தள்ளிப் பிடித்ததாக வைத்துக்கொள்வோம். இத்தகைய கேமராவின் குவிய நீளம் பிக்சல் கணக்கில் ஏறத்தாழ 3000 இருக்கும்.

நேர் மேலிருந்து எடுத்தால் ஒரு மி.மீ.க்கு 13 பிக்சலுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். முகவரி எழுத்தின் உயரம் 1.5 மி.மீ. என்று கொண்டால் ஒவ்வோர் எழுத்தும் 20 பிக்சல் உயரம் இருக்கும். எழுத்துணரிகள் நிம்மதியாகப் படிக்கும் அளவு அதுதான்.

30 பாகை சாய்த்தால் அட்டையின் தொலைவான விளிம்பில் அதே எழுத்து 15 பிக்சலாகக் குறையும். சமாளிக்கலாம். 60 பாகை சாய்த்தால் 8 பிக்சல்தான். அட்டையின் உயரமே சுமார் 370 பிக்சலாகச் சப்பிப்போய்விடும். நேராக எடுத்திருந்தால் சுமார் 736 இருந்திருக்கும். சாய்வு எழுத்தின் அகலத்தை அவ்வளவாகக் குறைப்பதில்லை. உயரத்தைத்தான் நசுக்குகிறது, அதுவும் தொலைவான விளிம்பில் கூடுதலாக.

ஆங்கில எழுத்தைவிடத் தமிழுக்கு இது அதிகம் வலிக்கும். புள்ளியும் ‘ி’, ‘ீ’ ஆகியவற்றின் கொக்கிகளும் எழுத்தின் தலைப்பகுதியில் இருக்கின்றன. எட்டுப் பிக்சல் உயரத்துக்குள் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிப்போகும், அல்லது காணாமலே போகும். ‘கண்ணன்’ என்பது ‘கணணன’ ஆகிவிடும். ‘டி’யும் ‘டீ’யும் ஒன்றாகிவிடும்.

நிமிர்த்துவது என்பது இருக்கும் பிக்சல்களை இழுத்துப் பரப்புவது மட்டுமே. படத்தில் இல்லாத புள்ளியை அது கொண்டுவராது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரு வாயிற்காவல் தேவை. அட்டையின் நான்கு மூலைகளையும் கண்டதும் சராசரி உயரத்தைச் சராசரி அகலத்தால் வகுங்கள். நேரான அட்டைக்கு விடை 0.63. அது 0.45க்குக் கீழே போனாலோ 0.89க்கு மேலே போனாலோ சாய்வு ஏறக்குறைய 45 பாகையைத் தாண்டிவிட்டது என்று பொருள். அந்தப் படத்தோடு மல்லுக்கட்டாமல் வேறு படம் கேளுங்கள்.

இன்னொரு இழப்பும் உண்டு. படம் வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணத் தரத்தில் வந்தால் நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். மேலே சொன்ன 20 பிக்சல் எழுத்து, சாய்வே இல்லாமல் எடுத்திருந்தாலும், 8 பிக்சலாகும். ஆவணமாக, அதாவது கோப்பாக அனுப்பச் சொன்னால் இந்த இழப்பு இல்லை.

## வழி ஒன்று: நம் கணினியிலேயே நிமிர்த்திப் படிப்பது

படத்தை நிமிர்த்தும் ஓப்பன்சிவி நூலகம், எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் இரண்டும் இலவசம். படம் எங்கும் வெளியே போவதில்லை. டெசராக்டுக்குத் தமிழ், ஆங்கிலத் தரவுக் கோப்புகள் இரண்டும் உண்டு. நிமிர்த்தும் பகுதி மிகச் சிறியது:

```python
src = np.float32([tl, tr, br, bl])
dst = np.float32([[0,0], [1284,0], [1284,810], [0,810]])
M = cv2.getPerspectiveTransform(src, dst)
flat = cv2.warpPerspective(img, M, (1284, 810),
                           flags=cv2.INTER_CUBIC)
```

1284 × 810 என்பது ஒரு மி.மீ.க்கு 15 பிக்சல். இந்த அளவில் 1.5 மி.மீ. எழுத்து 22 பிக்சல் உயரம் பெறும்.

சிக்கல் இந்த நான்கு வரிகளில் இல்லை, நான்கு மூலைகளைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. வெள்ளை மேசைமேல் வெள்ளை அட்டை கிடந்தால் விளிம்பு தெரியாது. கையில் பிடித்து எடுத்திருந்தால் கட்டைவிரல் ஒரு மூலையை மறைத்திருக்கும். பிவிசி அட்டையின் மூலைகள் வளைந்திருப்பதால், உருவரையிலிருந்து நேரடியாக மூலையை எடுத்தால் அது உள்ளே தள்ளி விழும். மூலையைத் தேடாமல் நான்கு பக்கங்களுக்கும் தனித்தனியாக நேர்கோடு பொருத்தி, அந்தக் கோடுகள் வெட்டும் இடத்தை மூலையாகக் கொள்வது நல்லது. விரல் மறைத்த மூலையும் இப்படிக் கிடைத்துவிடும்.

நிமிர்த்திய பிறகு ‘பெயர் இந்த இடத்தில் இருக்கும்’ என்று ஆயத்தொலைவுகளைப் பதித்துவைக்காதீர்கள். தபாலில் வந்த காகித ஆதார், பிவிசி அட்டை, தரவிறக்கிய இ-ஆதார் ஆகியவற்றின் அமைப்பு ஒன்றல்ல. அட்டையில் அச்சாகியிருக்கும் சொற்களையே நங்கூரமாகக் கொள்ள வேண்டும். `DOB` உள்ள வரியைக் கண்டால் அதற்கு நேர் மேல்வரி ஆங்கிலப் பெயர், அதற்கும் மேலே தமிழ்ப் பெயர். `Address` என்பதற்குப் பிறகு தொடங்கி ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டில் முடிவது முகவரி. தமிழ் முகவரியும் ஆங்கில முகவரியும் சில அட்டைகளில் பக்கம் பக்கமாக இருக்கும். அப்போது முழுப் பக்கத்தையும் ஒரே தொகுதியாகப் படிக்கச் சொன்னால் இரண்டு மொழி வரிகளும் பின்னிக்கொள்ளும். முகவரியின் நடுவில் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். இரு பத்திகளையும் வெட்டித் தனித்தனியாக, ஒன்றை `tam` என்றும் மற்றொன்றை `eng` என்றும் படிக்க வேண்டும்.

தேதியையும் தனியாக வெட்டி, இலக்கங்களையும் சாய்கோட்டையும் மட்டும் அனுமதித்துப் படியுங்கள்:

```
tesseract dob.png - --psm 7 -l eng \
  -c tessedit_char_whitelist=0123456789/
```

இதனால் இலக்கங்களை எழுத்துகளாகப் படிப்பது நின்றுபோகும். 3க்கும் 8க்கும், 1க்கும் 7க்கும் உள்ள குழப்பம் நிற்காது. இந்த வழியின் மோசமான பிழை இங்கேதான் இருக்கிறது: 13/08/1983 என்பதை 13/03/1988 என்று படித்தாலும் அது முறையான தேதியே. எந்தச் சோதனையும் அதைப் பிடிக்காது. அஞ்சல் குறியீட்டிலாவது ஓரளவு பிடி உண்டு. தமிழ்நாட்டு முகவரி என்றால் 60 முதல் 64 வரையுள்ள இரு இலக்கங்களில் ஒன்றோடு தொடங்கும், ஊரோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தேதிக்கு அப்படிப்பட்ட துணை இல்லை.

பழைய அட்டைகள் சிலவற்றில் பிறந்த ஆண்டு மட்டுமே அச்சாகியிருக்கும். நிரல் அதை ஜனவரி 1 என்று நிரப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாளும் மாதமும் அட்டையில் இல்லை என்பதையே பதிய வேண்டும்.

கைபேசிச் செயலி எழுதுபவர்கள் டெசராக்டுக்குப் பதில் கூகுளின் எம்எல் கிட் எழுத்துணரியை நினைப்பார்கள். அதுவும் கைபேசியிலேயே இயங்கும், வேகமாகவும் இருக்கும். ஆனால் அது படிக்கும் எழுத்து முறைகளில் தேவநாகரி இருக்கிறது, தமிழ் இல்லை. ஆங்கில வரிகள் போதும் என்றால் மட்டுமே அது தெரிவு.

## வழி இரண்டு: மேகச் சேவைக்கு அனுப்புவது

மூன்றில் மிக விரைவாக நிறுவிவிடக்கூடியது இது. கூகுள் கிளவுட் விஷன் தமிழைப் படிக்கும். மிதமான சாய்வைத் தானே சமாளிக்கும், ஒவ்வொரு சொல்லும் படத்தில் எங்கே இருக்கிறது என்று நான்கு மூலைகளோடு சொல்லும். மாதத்தில் முதல் 1000 படங்களுக்குக் கட்டணம் இல்லை, அதற்குமேல் ஆயிரம் படங்களுக்கு ஒன்றரை டாலர். எல்லாச் சேவைகளும் தமிழைப் படிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். அமேசான் டெக்ஸ்ட்ராக்ட் படிக்கும் மொழிகளில் தமிழ் கிடையாது. அதிலுள்ள அடையாள அட்டைப் பிரிவு அமெரிக்க ஓட்டுநர் உரிமத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் ஆனது.

இந்தச் சேவை தருவது எழுத்தைத்தான், ‘இது பெயர், இது முகவரி’ என்ற பிரிப்பை அல்ல. நங்கூரச் சொற்களைத் தேடுவதும் முகவரியின் முடிவைக் காண்பதும் முதல் வழியில் போலவே நம் தலையில்தான் விழும். சாய்ந்த படத்தை அப்படியே அனுப்பினால் எழுத்துகள் சரியாக இருந்தும் வரிகளின் வரிசை கலைந்து வரலாம். ஒரே வரியின் இடப்பக்கச் சொல்லும் வலப்பக்கச் சொல்லும் படத்தில் வெவ்வேறு உயரத்தில் இருப்பதே காரணம். அனுப்புவதற்கு முன் நிமிர்த்திவிட்டால் இது பெரிதும் தீரும். நிமிர்த்த வரவில்லை என்றால், கிடைத்த சொற்களின் இடப்புள்ளிகளையே திருப்பி வரிசைப்படுத்தலாம்.

மங்கலான இடத்தில் டெசராக்ட் பெரும்பாலும் குப்பையைத் தரும், பார்த்த உடனே தெரிந்துவிடும். நன்கு பயின்ற எழுத்துணரிகள் அதே இடத்தில் நம்பும்படியான ஒரு பெயரைத் தந்துவிடக்கூடும். பெயரும் தெருவும் மொழி வழக்கை வைத்து ஊகிக்கக் கூடாத சொற்கள் என்பதால், இத்தகைய பிழை குப்பையைவிட ஆபத்தானது. ஒவ்வொரு சொல்லோடும் வரும் நம்பக எண்ணைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டு, குறைவாக உள்ள புலங்களை மனிதர் பார்க்கும் வரிசைக்கு அனுப்புங்கள்.

அட்டைப் படம் அப்படியே இன்னொரு நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது என்பதுதான் இந்த வழியின் பெரிய விலை. பெயரும் தேதியும் முகவரியும் மட்டும் வேண்டியிருக்க, 12 இலக்க ஆதார் எண்ணும் முகமும் சேர்ந்து போகின்றன. படத்தை முதலில் நிமிர்த்தி, எண் இருக்கும் பட்டையைக் கறுப்பாக்கிவிட்டு, தேவையான பகுதியை மட்டும் வெட்டி அனுப்புவதே சரி. அதைச் செய்வதென்றால் முதல் வழியின் கடினமான பாதியை எப்படியும் எழுதித்தானாக வேண்டும். ‘ஒரே நாளில் முடிந்துவிடும்’ என்ற மதிப்பீடு இங்கேதான் உடைகிறது.

## வழி மூன்று: கியூஆர் கோடு

பலரும் கடைசியாக நினைக்கும் வழி இது. முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். 2018 முதல் ஆதாரில் அச்சாகும் பாதுகாப்பான கியூஆர் கோடுக்குள் பெயர், பிறந்த தேதி, பாலினம், வீட்டு எண் முதல் அஞ்சல் குறியீடு வரை பிரித்த முகவரி, சிறிய முகப்படம் எல்லாம் இருக்கின்றன. முழு ஆதார் எண் இல்லை, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டுமே. எல்லாவற்றின் மீதும் ஆதாரை வழங்கும் அமைப்பான யுஐடிஏஐயின் மின்கையொப்பம் உண்டு. எழுத்தைப் படிப்பதானால் பெயருக்கும் தேதிக்கும் முன்பக்கம், முகவரிக்குப் பின்பக்கம் என்று இரண்டு படங்கள் வேண்டும். கோடு இருக்கும் பக்கத்தின் ஒரே படம் மூன்றையும் தந்துவிடும்.

ஸ்கேன் செய்தால் கிடைப்பது ஒரே நீண்ட எண். அதை விரிப்பது இப்படி:

```python
n = int(qr_text)
raw = n.to_bytes((n.bit_length() + 7) // 8, "big")
data = zlib.decompress(raw, 16 + zlib.MAX_WBITS)
f = [x.decode("latin-1")
     for x in data.split(b"\xff", 17)[:17]]
k = 1 if f[0].startswith("V") else 0
name, dob, pin = f[k+2], f[k+3], f[k+10]
```

255 என்ற மதிப்புடைய பைட் புலங்களைப் பிரிக்கிறது. பின்னால் வரும் முகப்படத்திலும் அதே பைட் வரும் என்பதால்தான் பிரிப்பை 17 முறையோடு நிறுத்துகிறோம். புதிய கோடுகள் `V2` போன்ற பதிப்புக் குறியுடன் தொடங்கும், அப்போது எல்லாப் புலங்களும் ஓரிடம் தள்ளிப்போகும். கடைசி 256 பைட்டுகள் கையொப்பம். அதற்கு முன்னுள்ள அனைத்தின் மீதும் யுஐடிஏஐ வெளியிட்டுள்ள பொதுச்சான்றிதழைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். கையொப்பம் ஒத்துப்போனால் தேதியில் 3ஆ 8ஆ என்ற ஐயத்துக்கே இடமில்லை. படிக்க முடிந்தால் முழுவதும் சரி, முடியாவிட்டால் எதுவும் கிடைக்காது. சத்தமில்லாத பிழை இங்கே கிடையாது.

மூன்று வழிகளிலும் சாய்வை மிகக் குறைவாகப் பொறுப்பதும் இதுதான். 3000 இலக்கங்களை மிகக் குறைந்த பிழைதிருத்த அளவில் வைத்தாலும் பக்கத்துக்கு 117 கட்டங்கள் தேவை. அந்தக் கோடு 25 மி.மீ. சதுரமாக அச்சாகியிருந்தால் ஒரு கட்டம் 0.21 மி.மீ. முன்பு சொன்ன 22 செ.மீ. தொலைவில், சாய்வே இல்லாமல், ஒரு கட்டத்துக்கு மூன்று பிக்சல்கூட நிறையாது. 60 பாகை சாய்வில் ஒன்றரைக்குப் பக்கம் வந்துவிடும்; எந்த நிரலும் படிக்காது. முகவரி எழுத்து நன்றாகத் தெரிகிற படத்தில் கோடு மட்டும் படிக்காமல் போவது இதனால்தான். பலர் அதை நிரலின் குறை என்று எண்ணி நூலகத்தை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள்.

தீர்வு எளிது: கோடை மட்டும் 12 செ.மீ. அருகில் வைத்து இன்னொரு படம். அங்கே ஒரு கட்டத்துக்கு ஐந்து பிக்சல் கிடைக்கும். அவ்வளவு அருகில் சில கைபேசிகளின் குவியம் நிற்காது. அப்போது கைபேசியைத் தள்ளிப் பிடித்து இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுக்கச் சொல்லுங்கள்.

வேறு இரண்டு வரம்புகள் உண்டு. 2018க்கு முந்தைய அட்டைகளின் கோடில் இருப்பது `PrintLetterBarcodeData` என்று தொடங்கும் வெறும் எக்ஸ்எம்எல். கையொப்பம் இல்லாததால் யார் வேண்டுமானாலும் அப்படி ஒன்றை உருவாக்கலாம். எழுத்துணரியின் விடையைப் போலவே அதையும் நடத்த வேண்டும். அடுத்தது தமிழ். கோடுக்குள் இருப்பது ஆங்கில எழுத்து மட்டுமே. அதிலுள்ள `Valli` வள்ளியா வல்லியா என்று நிரலால் சொல்ல முடியாது. தமிழ்ப் பெயர் அச்சிட்ட சான்று வழங்க வேண்டிய இடங்களில் அட்டையின் தமிழ் வரியைப் படித்தே தீர வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | நம் கணினியில் எழுத்துணரி | மேகச் சேவை | பாதுகாப்பான கியூஆர் |
|---|---|---|---|
| தாங்கும் சாய்வு | 30 பாகை வரை நன்று | சற்றுக் கூடுதல் | அருகில் எடுத்தால் மட்டுமே |
| தமிழ்ப் பெயர் | வரும், புள்ளியில் பிழை | வரும் | வராது |
| தவறு தெரியுமா | பாதி | கடினம் | தெரியும் |
| படம் வெளியே போகிறதா | இல்லை | ஆம் | இல்லை |
| மறைந்த செலவு | மூலை கண்டறிதல் | எண்ணை மறைத்தல், பிரித்தல் | இரண்டாவது படம் கேட்பது |

## யாருக்கு எது

அட்டைதாரர் எதிரில் இருக்கிறார், அல்லது அவரிடம் இன்னொரு படம் கேட்க முடியும் என்றால் கியூஆர் கோடுதான். வேறு எதையும் யோசிக்க வேண்டாம். புதிய அட்டைகளே தம்மீது அச்சிட்டிருக்கும் குறிப்பு, ஆதாரை இணைய உறுதிப்பாட்டினாலோ கியூஆர் ஸ்கேன் மூலமோ சரிபார்த்துப் பயன்படுத்தச் சொல்கிறது. அது பிறந்த தேதிக்கான சான்று அல்ல என்றும் அதே குறிப்பு சொல்கிறது. வயதுச் சான்று சட்டப்படி தேவைப்படும் வேலை என்றால் இந்த மூன்று வழிகளுமே விடையல்ல, வேறு ஆவணம் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே குவிந்து கிடக்கும் பழைய படங்களை ஏற்ற வேண்டியிருந்தால் மறுபடம் கேட்க வழியில்லை. அங்கே முதல் வழியை அடிப்படையாக வையுங்கள். கோடு படித்தால் அதை எடுத்துக்கொண்டு, படிக்காதவற்றுக்கு மட்டும் எழுத்துணரியை ஓட்டி, தேதிப் புலத்தை மட்டும் ஒருவர் கண்ணால் பார்க்கட்டும். ஓர் அட்டைக்குச் சில விநாடி வேலைதான், தேதியில் சத்தமில்லாமல் நுழையும் பிழைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. தமிழ் வரிகள் கட்டாயம், டெசராக்டின் புள்ளிப் பிழைகளைத் திருத்த ஆளில்லை, படத்தை வெளியே அனுப்ப அட்டைதாரரின் ஒப்புதல் இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்தால் மேகச் சேவைக்குப் போகலாம், எண்ணை மறைத்த பிறகு.

கோடும் எழுத்தும் இரண்டுமே கிடைக்கும் இடத்தில் இரண்டையும் படித்து ஒப்பிடுங்கள். அச்செழுத்தை மாற்றிய போலி நகலில் கோடு பழையபடியே இருக்கும், தேதி ஒத்துப்போகாது. ஒப்பிடும்போது வடிவத்தைக் கவனியுங்கள். அட்டையில் 05/08/1987, கோடில் 05-08-1987. இரண்டிலும் நாள்தான் முதலில் வருகிறது. நிரல் மொழியின் இயல்புநிலை மாதத்தை முதலில் கொண்டால் ஆகஸ்ட் 5 மே 8 ஆகிவிடும்; 12ஆம் தேதிக்கு மேற்பட்டவை மட்டும் தப்பிக்கும் என்பதால் சோதனையில் இது எளிதில் மாட்டாது. சோதனைத் தரவில் 12ஐத் தாண்டாத நாள்களையும் வேண்டுமென்றே சேர்த்துவையுங்கள்.

மறுபடம் கேட்கும் செய்தியில் ‘நேராக எடுக்கவும்’ என்று மட்டும் எழுதினால் அதே சாய்ந்த படம்தான் திரும்ப வரும். மக்கள் சாய்த்து எடுப்பதற்குக் காரணம் உண்டு: நேர் மேலிருந்து எடுத்தால் தலையின் நிழல் விழுகிறது, பிளாஷ் போட்டால் பிவிசியின் பளபளப்பில் எழுத்து வெளுத்துப்போகிறது. ‘சன்னல் ஓரம், கறுப்புத் துணி அல்லது அடர்நிற மேசை, பிளாஷ் வேண்டாம், கைபேசி அட்டைக்கு நேர் மேலே, பின்பக்கக் கட்டம்கட்டமான சதுரத்தை அருகில் தனியாக ஒரு படம், ஆவணமாக அனுப்பவும்’ என்று எழுதுங்கள். அடர்நிற மேசை மூலை கண்டறிதலுக்கு, ஆவணமாக அனுப்புவது சுருங்காமல் இருக்க. புலங்கள் பதிவானதும் மூலப் படத்தை அழித்துவிடுங்கள். வைத்திருந்தே ஆக வேண்டும் என்றால் ஆதார் எண்ணின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த பிரதியை மட்டும் வையுங்கள்.